காபியில் துவர்ப்பா, நீர்த்தன்மையா, குழப்பமா? தட்டை பர், கூம்பு பர்: கோப்பையிலிருந்து குறையைக் கண்டுபிடிக்கும் வழி

பாட்டி வீட்டுத் திரிகையில் உளுந்து உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு, காபி கிரைண்டரில் கொட்டையை அரைக்கும் பாகமான பர்ரில் தட்டை வகை புதிதல்ல. மேலே ஒரு கல், கீழே ஒரு கல், நடுவில் குழி. குழியில் போட்ட பருப்பு ஓரத்தை நோக்கி நகரும். நகர நகர உடைந்து விளிம்பில் வந்து விழும். காபி கிரைண்டரின் தட்டை பர்ரும் அதுதான். எதிரெதிராக நிற்கும் இரண்டு எஃகு வளையங்களில் ஒன்று சுழல்கிறது, கொட்டை நடுவிலிருந்து வெளியே வீசப்படுகிறது. கூம்பு பர்ரின் தோற்றத்துக்கு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். குழிக்குள் குழவி உட்கார்ந்திருப்பதுபோல், வெளி வளையத்துக்குள் ஒரு கூம்பு சுழல்கிறது. கொட்டை தன் எடையாலும் பல்லின் இழுப்பாலும் கீழே இறங்கி அரைபடுகிறது.

எந்த பர்ரில் அரைத்தாலும் தூளில் மூன்று பங்கு இருக்கும்: நாம் கேட்ட அளவுத் துகள், அதைவிட மிக நுண்ணிய மாவு, அதைவிடப் பெரிய குருணை. மாவு சில விநாடிகளில் தன்னிடம் உள்ளதையெல்லாம் நீருக்குக் கொடுத்துவிடும். அதன் பிறகும் நீர் அதன்மேல் நின்றால் கசப்பும் துவர்ப்பும் இறங்கும். ஆனால் வாயில் கனத்தைத் தருவதும் மாவுதான். குருணையின் உள்ளே நீர் போய்ச் சேர்வதற்குள் வடிதல் முடிந்துவிடும், அதனால் அதன் பங்கு வெற்றுப் புளிப்பு. கூம்பு பர் பொதுவாகச் சற்று அதிக மாவோடு, அளவுகள் பரவலாகக் கலந்த தூளைத் தரும். ஆகவே காபி கனமாகவும், சுவைகள் ஒன்றோடொன்று குழைந்தும் இருக்கும். தட்டை பர்ரில் எல்லாத் துகளும் வெளி விளிம்பின் ஒரே இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் அளவு நெருங்கி வரும், சுவைகள் தனித்தனியாகத் தெரியும், கனம் குறையும்.

இது பொதுப்போக்கு மட்டுமே. பல்லின் வெட்டு மாறினால் கதையும் மாறும். இத்தாலியக் காபிக் கடைகளில் பல காலமாக உழைக்கும் மாஸர் சூப்பர் ஜாலி கிரைண்டரில் இருப்பது 64 மில்லிமீட்டர் தட்டை பர். அது எஸ்பிரெஸோவுக்காகவே வெட்டப்பட்டது, மாவைத் தாராளமாகக் கொடுத்துக் கனமான காபியைத்தான் தருகிறது. மால்கோனிக் இ.கே.43-இல் இருப்பது 98 மில்லிமீட்டர் தட்டை பர். மெல்போர்னில் நடந்த 2013 உலக பாரிஸ்டா போட்டியில் ஆஸ்திரேலியாவின் மாட் பெர்ஜர் அதில் எஸ்பிரெஸோவுக்கு அரைத்துக் காட்டிய பிறகுதான் ‘தட்டை என்றால் தெளிவு’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. இரண்டும் தட்டைதான், கோப்பைகள் இரண்டும் வேறு. எனவே கிரைண்டரை விற்றுவிட்டு வேறு வடிவம் வாங்கக் கிளம்பும் முன், கோப்பையில் உள்ளது பர்ரின் இயல்பா, அதன் கோளாறா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இயல்பை அனுசரித்துத்தான் போக முடியும். கோளாறைச் சரிசெய்துவிடலாம்.

சோதனைக்கு ஒரு நிலையான அளவு

ஒரே நேரத்தில் பல விஷயங்களை மாற்றினால் எதுவும் புரியாது. என் சோதனை அளவு இது: நீரில் கழுவிப் பதப்படுத்திய, மிதமாக வறுத்த ஏற்காட்டு அரபிகா 15 கிராம், கூம்பு வடிவப் புனலில் காகித வடிகட்டி, 94 டிகிரி வெந்நீர் 240 கிராம். முதலில் 45 கிராம் ஊற்றி 40 விநாடி ஊற விடுவேன். மீதியை இரண்டு தவணையாக ஊற்றுவேன். முழுவதும் வடிய ஏறத்தாழ மூன்று நிமிடம். என்னிடம் இருப்பவை 48 மில்லிமீட்டர் கூம்பு பர் உள்ள கை கிரைண்டர் ஒன்றும், 64 மில்லிமீட்டர் தட்டை பர் உள்ள மின் கிரைண்டர் ஒன்றும்.

பாலும் சிக்கரியும் சேர்ந்த காபியில் இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி தெரியவே தெரியாது. கீழே சொல்வதெல்லாம் பாலில்லாத காபிக்கு. விதிவிலக்கு வரும் இடத்தில் சொல்கிறேன்.

அறிகுறி 1: நீர் இறங்கவே மாட்டேன் என்கிறது, குடித்தபின் நாக்கு வறண்டு இழுக்கிறது

கசப்பையும் துவர்ப்பையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கசப்பு பாகற்காய், துவர்ப்பு வாழைப்பூ. இங்கே நாம் தேடுவது இரண்டாவது. மூன்று நிமிடத்தில் வடிய வேண்டியது நான்கைத் தாண்டுகிறது, குடித்த பிறகு நாக்கின் மேல் தூசி படிந்ததுபோல் ஓர் இழுப்பு நிற்கிறது என்றால், காகிதத்தின் துளைகளை மாவு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கூம்பு பர் வைத்திருப்பவர்கள்தான் இதை அதிகம் சந்திப்பார்கள்.

உடனே தூளைப் பெரிதாக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று கிளிக் தளர்த்தியதும் நேரம் சரியாக வந்தது, ஆனால் துவர்ப்பு போகாமல் அதோடு புளிப்பும் சேர்ந்துகொண்டது. பெரிய துகள்கள் இன்னும் பெரிதாகி, அவற்றிலிருந்து இறங்குவது குறைந்ததுதான் காரணம். மாவோ பெரிய அளவில் குறையவில்லை. கொட்டை நொறுங்கும்போதே மாவு உண்டாகிவிடுகிறது, இடுக்கை அகலமாக்குவதால் அது மறைந்துவிடாது.

உண்மையில் மாவுதான் குற்றவாளியா என்று தெரிந்துகொள்ள மைதா சலிக்கும் மெல்லிய சல்லடை போதும். 17 கிராம் அரைத்து, அரை நிமிடம் ஒரே சீராகத் தட்டிச் சலியுங்கள். மேலே நிற்பதில் 15 கிராம் எடுத்து வழக்கம்போல் வடியுங்கள். துவர்ப்பு மறைந்து, காபி சற்று மெலிந்து வந்தால் மாவுதான் காரணம். துவர்ப்பு அப்படியே இருந்தால் நீர் தூளில் ஓரிடத்தைப் பிளந்து ஓடுகிறது, அல்லது வறுவலிலேயே குறை. அப்போது பர்ரை நோண்டுவதில் பயனில்லை.

மாவுதான் என்று உறுதியானால் தினமும் சலித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் அதைச் சோதனையாகத்தான் வைத்திருக்கிறேன், வழக்கமாக அல்ல. மாவு இருந்த இடத்திலேயே இருந்தால் பெரிதாகத் தொல்லை தராது. நீர் தூளைக் கலக்கும்போதுதான் அது கீழே இறங்கிக் காகிதத்தில் ஒட்டுகிறது. ஆகவே கெட்டிலின் மூக்கைத் தாழ்த்தி மெல்ல ஊற்றுங்கள். நான்கைந்து தவணையாக ஊற்றுபவர் இரண்டாகக் குறையுங்கள், புனலைச் சுழற்றும் பழக்கத்தை விடுங்கள். தளர்த்திய மூன்று கிளிக்கில் இரண்டைத் திரும்ப இறுக்கி இப்படி ஊற்றியபோது எனக்கு 3 நிமிடம் 20 விநாடி வந்தது, துவர்ப்பு போய்விட்டது.

கை கிரைண்டரில் இன்னொன்றையும் பாருங்கள். தூள் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுக் கூம்பை விரலால் பக்கவாட்டில் அசையுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் அச்சைத் தாங்கும் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஆடும் கூம்பு ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகும், மாவும் குருணையும் சேர்ந்தே வரும். மெல்ல ஊற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

அறிகுறி 2: ஒரே மடக்கில் புளிப்பும் கசப்பும்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தட்டை பர் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் உண்மையில் ஏமாந்தது இங்கேதான்.

என் மின் கிரைண்டர் வந்த முதல் வாரம், கை கிரைண்டரைவிடத் தெளிவான காபியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வந்தது எலுமிச்சைத் தோலை மென்றதுபோன்ற ஒன்று. முன்நாக்கில் கூர்மையான புளிப்பு, தொண்டையில் கசப்பு. தூளை நுணுக்கினால் கசப்பு கூடியது, பெரிதாக்கினால் புளிப்பு கூடியது, நடுவில் எங்கும் இரண்டும் ஓயவில்லை. புதிய பர் சில கிலோ கொட்டை அரைத்தபின்தான் பதப்படும் என்பது உண்மை. ஆனால் பதப்படாத பர் இவ்வளவு மோசமாக இருக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு குறையும் சேர்ந்தே நிற்பது, துகள் அளவு மிகவும் சிதறியிருப்பதன் அடையாளம். தட்டை பர்ரில் அதற்கு முதல் சந்தேகம் இரண்டு தட்டுகளும் இணையாக நிற்கவில்லை என்பது. ஒரு தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்க இடுக்கில் மாவும் எதிர்ப்பக்க இடுக்கில் குருணையும் வெளியேறும். கூம்பு பர்ருக்கும் சாய்வு கெடுதல்தான், ஆனால் தட்டை பர் சாய்வைத் துளியும் மன்னிக்காது. அதன் தெளிவு முழுக்க அந்த ஒரே விளிம்பின் சீர்மையில்தான் இருக்கிறது.

முதல் சோதனைக்குக் காது போதும். கொட்டை போடாமல் கிரைண்டரை ஓடவிட்டு, அளவு வளையத்தை மெல்ல நுணுக்கத்தின் பக்கம் திருப்புங்கள். பர்கள் உரசத் தொடங்கும் இடத்தில் ஒலி எழும். இணையாக இருந்தால் அந்த உரசல் சற்றேறக்குறையத் தொடங்கும்போதே தொடர்ந்து கேட்கும். என்னுடையதில் முதலில் ‘சர்… சர்… சர்…’ என்று விட்டுவிட்டு வந்தது. நான்கு கோடு தள்ளிப் போன பிறகுதான் ‘சர்ர்ர்’ என்று தொடர்ந்தது. அந்த நான்கு கோடும் சாய்வின் அளவு. ஒலி வந்ததும் உடனே பின்வாங்கிவிடுங்கள், பல் தேயும்.

இரண்டாவது சோதனைக்கு வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனா வேண்டும். முதலில் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நிலையாக இருக்கும் தட்டின் வெளி விளிம்பு முழுக்க மையைப் பூசுங்கள், சுழலும் தட்டில் பூச வேண்டாம். மூடிப் பொருத்தி, கையால் சுழற்றிக்கொண்டே உரசும் இடம்வரை கொண்டுவந்து, சில சுற்றுகள் சுற்றித் திறந்து பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அது மேடு, எங்கே அப்படியே நிற்கிறதோ அது பள்ளம். பிறகு துடைத்துவிட்டுச் சுழலும் தட்டுக்கு மட்டும் மை பூசி இதையே திரும்பச் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுழலும் தட்டு சாய்ந்திருந்தால் அதன் ஒரே மேடு சுற்றிச் சுற்றி வந்து நிலையான தட்டின் மையை எல்லாப் பக்கமும் சமமாக அழித்துவிடும். நிலையான தட்டை மட்டும் பார்த்தால் ‘எல்லாம் சரி’ என்று தோன்றும். எந்தத் தட்டில் மை ஒரு பக்கம் மட்டும் அழிகிறதோ அந்தத் தட்டில்தான் சாய்வு.

என் கிரைண்டரில் சுழலும் தட்டின் மை முழுச் சுற்றும் அழிந்தது. நிலையான தட்டில் கால் வட்டம் மட்டும் அழிந்தது. சாய்வை நிமிர்த்தத் தட்டுக்கு அடியில் வைக்கும் அலுமினியத் தாளை எடுப்பதற்கு முன் திருகுகளைக் கழற்றித் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். அது உட்காரும் இடத்தில் பழைய தூள் கேக்காகப் படிந்திருந்தது. தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்தபோது நுழைந்ததாக இருக்க வேண்டும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினேன். மை பாதி வட்டத்துக்கு மேல் அழிந்தது. வெறும் அழுக்கே பாதிச் சாய்வுக்குக் காரணம்.

மீதிக்குத்தான் தாள். சமையலறை அலுமினியத் தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான். மை அழியாமல் நின்ற பக்கத்தில், தட்டுக்கு அடியில், திருகுத் துளைக்கு அருகே நகத்தளவு துண்டை வைத்தேன். மேட்டின் அடியில் வைத்தால் சாய்வு கூடும், அவசரத்தில் பலர் செய்யும் தவறு இது. திருகுகளை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூன்றையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு மடிப்பில் முக்கால் வட்டம் அழிந்தது. இரண்டாவது மடிப்பு வைத்ததும் ஒரு சிறு இடம் தவிர எல்லாம் அழிந்தது. அதோடு விட்டுவிட்டேன். முழு வட்டத்துக்காக இரவெல்லாம் தாள் வெட்டியவர்களை அறிவேன், கோப்பையில் அவர்களுக்கு ஒரு வேறுபாடும் கிடைக்கவில்லை.

இப்போது பழைய அளவு எண்கள் செல்லாது. முன்பு மேடு மட்டும் உரசிய இடத்தைச் சுழியம் என்று எண்ணியிருந்தோம், இப்போது முழு விளிம்பும் உரசும் இடம்தான் சுழியம். அங்கிருந்து புதிதாக அளவைத் தேடுங்கள். என் கோப்பையில் புளிப்பு கூர்மையிழந்து ஆரஞ்சுச் சுளைபோல் வந்தது, கசப்பு பின்வாங்கியது. கை கிரைண்டரில் ‘ஏதோ பழம்’ என்று மட்டும் தெரிந்த சுவை, ஆரஞ்சும் வெல்லமுமாகத் தனித்தனியே நின்றது. தட்டை பர்ரைப் பற்றிச் சொல்லப்படும் தெளிவு இதுதான். அதை நான் பெற்றது வாங்கிய மூன்றாவது வாரத்தில்.

அறிகுறி 3: தெளிவாக இருக்கிறது, ஆனால் தண்ணீர்போல் இருக்கிறது

புளிப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் சாறு முழுதாக இறங்கவில்லை. தூளை நுணுக்குங்கள், கனமும் ஓரளவு வந்துவிடும். புளிப்பு இல்லை, இனிப்பு இருக்கிறது, மணமும் நன்றாக இருக்கிறது, வாயில் மட்டும் கனமில்லை என்றால் அது கோளாறு அல்ல, மாவு குறைந்த தட்டை பர்ரின் இயல்பு. மேலும் நுணுக்கிக்கொண்டே போனால் கனம் வராது, கசப்புதான் வரும்.

கனத்துக்கு நீரைக் குறையுங்கள். 15 கிராமுக்கு 240-க்குப் பதில் 215 கிராம் ஊற்றுங்கள், தூளின் அளவைத் தொடாதீர்கள். அதுவும் போதவில்லையென்றால் குற்றம் காகிதத்தின்மேல். எண்ணெயையும் நுண்துகளையும் காகிதம் பிடித்துவைத்துக்கொள்கிறது. உலோகச் சல்லடைக்கு மாறினால் அதே தூளில் வேறொரு காபி கிடைக்கும்.

இங்கேதான் நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டர் வருகிறது. அதில் காகிதம் இல்லை, துளையிட்ட தட்டு மட்டும். நீரைத் தடுத்து மெல்ல இறக்குவது அமுக்கி வைத்த தூளும் அதிலுள்ள மாவும்தான். மாவு குறைந்த தட்டை பர்ரில் காகிதப் புனலுக்கு அரைத்த அளவில் ஃபில்டரில் போட்டால் டிகாஷன் சில நிமிடங்களில் ஓடிவிடும், பால் விட்டதும் காணாமல் போகும். கூம்பு பர்ரில் அரைத்த தூள் இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. தட்டைதான் இருக்கிறது என்றால் நன்றாக நுணுக்கி அரையுங்கள். பாலோடு ஃபில்டர் காபி மட்டும் குடிக்கும் வீட்டில் தெளிவுக்காகப் பெரிய தட்டை பர் வாங்குவது, என் கணக்கில், வீண் செலவு.

எஸ்பிரெஸோ போடுபவருக்கும் இதே குறை வேறு உருவில் வரும். 18 கிராம் தூளில் 36 கிராம் சாறு அரை நிமிடத்துக்குப் பதில் கால் நிமிடத்தில் பாய்ந்துவிடும். மாவு குறைவாகத் தரும்படி வெட்டிய தட்டை பர்ரில் தூள் நீரைத் தடுப்பதில்லை. மேலும் நுணுக்குங்கள். அப்படி நுணுக்கும் முன்பே பர்கள் உரசத் தொடங்கினால் அறிகுறி 2-க்குத் திரும்புங்கள், சாய்வு இருக்கிறது. உரசவில்லை, ஆனால் நீர் பிளந்துகொண்டு பீய்ச்சுகிறது என்றால் சாற்றை 45 கிராம்வரை நீட்டி எடுங்கள். கெட்டியான, தேன்போன்ற எஸ்பிரெஸோதான் வேண்டும் என்பவர் அந்த பர்ரிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறார்.

அறிகுறி 4: குறை ஒன்றுமில்லை, ஆனால் எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது

கூம்பு பர்ரின் இயல்பு இது. இனிப்பு, கனம் எல்லாம் உண்டு. ஏற்காடும் எத்தியோப்பியாவும் மட்டும் உறவினர்போல் இருக்கும். ஒரு கிளிக் தளர்த்தி, நீரை 255 கிராமாக உயர்த்திப் பாருங்கள். கலவை சற்று நீர்த்தால் சுவைகள் விலகி நிற்கும். கோப்பையைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடிப்பதும் உதவும்.

கொட்டையைக் குளிர்வித்து அரைப்பது இன்னொரு வழி. குளிர்ந்த கொட்டை சீரான துகளாக உடைகிறது என்று 2016-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அறையே 36 டிகிரியில் கொதிக்கும் சென்னைக் கோடையில் இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. 15 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். ஒன்றை எடுத்ததும் வியர்க்கும் முன் அரைத்துவிடுங்கள். தூள் சற்று நுண்ணியதாகவும் வரும், எனவே ஒரு கிளிக் தளர்த்த வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எத்தியோப்பியா ஏற்காடாகவே இருந்தால், அந்தக் கூம்பு தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. தட்டை பர் வாங்க இது நியாயமான காரணம்.

அறிகுறி 5: நேற்று நன்றாக இருந்தது, இன்று அதே எண்ணில் வேறு காபி

மின் கிரைண்டரில் கொட்டையைப் போடும் வேகம் மாறியிருக்கலாம். தட்டை பர்ரில் மொத்தமாகக் கொட்டினால் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி மேலும் அரைபடும், மாவு கூடும். மெல்ல மெல்லச் சரித்தால் மாவு குறைந்து நீர் விரைவாக இறங்கும். எப்படிப் போட்டாலும் தினமும் ஒரே மாதிரி போடுங்கள்.

வறண்ட நாட்களில் நிலைமின்னால் மாவு பர் அறையிலேயே ஒட்டிக்கொண்டு மறுநாள் தூளோடு பழைய சுவையாக விழும். அரைக்கும் முன் ஸ்பூன் காம்பை நீரில் தொட்டுக் கொட்டையைக் கிளறுங்கள், ஒரே ஒரு துளி போதும். பல மாதங்களாகச் சிறிது சிறிதாக நுணுக்கிக்கொண்டே வந்திருக்கிறீர்கள், அரைக்கும் நேரமும் நீண்டிருக்கிறது, துவர்ப்பும் எட்டிப் பார்க்கிறது என்றால் பல் மழுங்கிவிட்டது. விரல் நகத்தைப் பல்லின் விளிம்பில் இழுத்துப் பாருங்கள். செதுக்காமல் வழுக்கினால் புது பர் வாங்கும் நேரம். மாட்டிய அன்றே மார்க்கர் பேனாவையும் எடுத்து வையுங்கள்.